மொழிபெயர்த்து வந்த செய்திக்குத் தமிழில் எழுதிய பதில்: எங்கே தடம் மாறியது என்று கண்டுபிடிக்கும் வழி

சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு ஜவ்வரிசி கமிஷன் மண்டியில் வேலை பார்க்கிறேன். வெளியூர் வியாபாரிகளிடமிருந்து வரும் செய்திகளுக்குப் பதில் அனுப்புவது என் பொறுப்பு. ஜவ்வரிசி இங்கே தயாரானாலும் அதை மூட்டை மூட்டையாக வாங்குபவர்கள் மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் இருக்கிறார்கள். செய்தி இந்தியில் வரும். மொழிபெயர்ப்புச் செயலி அதைத் தமிழாக்கிக் கொடுக்கும். நாங்கள் தமிழில் பதில் எழுதி, அதே செயலியில் இந்தியாக்கி அனுப்புவோம்.

இந்த வழியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை செயலி உளறுவதால் வருவதில்லை. உளறினால் கண்ணில் பட்டுவிடும். "பாவ்" என்ற சொல்லுக்கு விலை என்றும் பொருள், உணர்வு என்றும் பொருள். "உங்கள் உணர்வு என்ன" என்று வந்து நின்றால் யாராக இருந்தாலும் நிதானித்து மூலத்தைப் பார்ப்பார்கள். சிக்கல் எல்லாம் நல்ல தமிழில், நம்பும்படி வரும் வரிகளில்தான். 2025 ஜூன் 28 அன்று இந்தூரிலிருந்து வந்த ஒரு செய்தியை வைத்தே இதைச் சொல்கிறேன். அந்த ஐந்து வரிகளில் நாங்கள் சந்திக்கும் கோளாறுகள் அநேகமாக எல்லாமே இருந்தன.

வந்த இந்தி, தமிழ் எழுத்தில்:

கல் வாலா பாவ் டீக் ஹை. டேட் சௌ போரி பேஜ் தீஜியே, சாவன் ஸே பஹ்லே. பாடா ஹம் தேக் லேங்கே. வ்ரத் மேம் சலேகா நா? பிச்லீ பார் ஜைஸா ந ஹோ.

செயலி கொடுத்த தமிழ்:

நாளைய விலை பரவாயில்லை. ஆவணிக்கு முன் 150 மூட்டைகள் அனுப்பவும். வாடகையைப் பார்ப்போம். விரதத்தில் வேலை செய்யுமா? கடந்த முறை போல் இருக்கக் கூடாது.

புதிதாகச் சேர்ந்த தம்பி எழுதிய பதில் வரைவு:

வணக்கம். நாளை விலை சொல்கிறோம். ஆவணி பிறப்பதற்குள் 150 மூட்டை வந்து சேரும். வாடகையைப் பேசி முடிவு செய்துகொள்ளலாம். விரத நாட்களிலும் எங்களுக்கு வேலை உண்டு, கவலை வேண்டாம்.

வரைவில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது. மரியாதையாகவும் இருக்கிறது. தம்பி அதை இந்தியாக்கி, மறுபடியும் தமிழாக்கிப் பார்த்திருக்கிறார். எழுதியது அப்படியே திரும்பி வந்திருக்கிறது. "சரியா இருக்குங்க, அனுப்பிடலாமா?" என்று கேட்டார். அந்தப் பதில் போயிருந்தால், வியாபாரி கேட்ட ஒன்றுக்குக்கூட விடை போயிருக்காது.

சோதிப்பதற்கு முன் ஒரு வேலை

மூலச் செய்தியை அழிக்காதீர்கள். தமிழாக்கத்தை மட்டும் நகலெடுத்து நோட்டில் ஒட்டும் பழக்கம் பல அலுவலகங்களில் உண்டு, அங்கேதான் கதவு அடைபடுகிறது. மூலம், தமிழாக்கம், வரைவு மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, மூலத்தின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரே சொல்லில் அந்த வரி என்ன செய்கிறது என்று எழுதுங்கள்: கேட்கிறாரா, ஒப்புக்கொள்கிறாரா, பொறுப்பேற்கிறாரா, குறை சொல்கிறாரா, நிபந்தனை போடுகிறாரா. அப்புறம் வரைவைப் படித்து, கேட்டதற்குப் பதில் இருக்கிறதா, ஒப்புக்கொண்டதற்கு உறுதி இருக்கிறதா என்று பாருங்கள். சொல்லுக்குச் சொல் சரியா என்று இப்போது பார்க்க வேண்டாம், அது பின்னால் வரும்.

எந்தச் சொல் போடுவது என்று தெரியாமல் நீங்கள் தயங்கும் வரிதான் முதலில் சந்தேகப்பட வேண்டிய வரி. "நாளைய விலை பரவாயில்லை" என்பதற்கு எதிரே என்ன எழுதுவீர்கள்? நாளைய விலையை இன்னும் யாரும் சொல்லவே இல்லையே.

அறிகுறி: திருப்பி மொழிபெயர்த்தால் சுத்தமாக வருகிறது, ஆனால் பதில் நடந்ததோடு ஒட்டவில்லை

இதுதான் ஆபத்தானது என்று நினைக்கிறேன். நாம் நம்பியிருக்கும் சோதனையே இதில் கைவிட்டுவிடுகிறது.

இந்தியில் "கல்" என்றால் நேற்றும் உண்டு, நாளையும் உண்டு. "பர்சோன்" என்றால் முந்தாநாளும் அதுதான், நாளை மறுநாளும் அதுதான். வினையைப் பார்த்துத்தான் எது என்று பிரிக்க முடியும். "கல் பேஜா" என்றால் நேற்று அனுப்பினேன், "கல் பேஜேங்கே" என்றால் நாளை அனுப்புவோம். "கல் வாலா பாவ்" என்பதில் காலம் காட்டும் வினை இல்லை. செயலி ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், நாளையைத் தேர்ந்தெடுத்தது.

இப்போது தம்பி செய்த சோதனையைப் பாருங்கள். "நாளை விலை சொல்கிறோம்" என்பதை இந்தியாக்கினால் "நாளை" என்பது "கல்" ஆகும். தமிழுக்குத் திருப்பினால் "கல்" மறுபடி "நாளை" ஆகும். போன வழியிலேயே திரும்பி வந்தால் பள்ளம் தெரியாது. அதோடு, இந்தச் சோதனை நம் பதில் இந்தியில் சரியாகப் போகிறதா என்று மட்டுமே காட்டும். அவர் சொன்னது நமக்குச் சரியாக வந்ததா என்பதை அது தொடுவதே இல்லை. முதல் பாதி தவறாக இருந்தால், தவறான பதில்தான் துல்லியமாகப் போய்ச் சேரும்.

இதைப் பிடித்தது மொழியறிவு இல்லை, விலை நோட்டு. ஜூன் 27 அன்று அவருக்குக் கிலோவுக்கு விலை சொல்லியிருந்தோம். ஜூன் 28 அன்று அவர் "கல் வாலா பாவ் டீக் ஹை" என்கிறார். அப்படியென்றால் நேற்று சொன்ன விலை சரி, எனக்குச் சம்மதம் என்கிறார். வியாபாரம் முடிந்துவிட்டது. அதற்குப் போய் "நாளை விலை சொல்கிறோம்" என்று பதில் போனால், விலை ஏறப்போகிறது என்று தெரிந்து நாங்கள் பேச்சை மாற்றுகிறோம் என்றுதான் எடுத்துக்கொள்வார். மண்டியில் ஒருவர் பெயர் கெட இது போதும்.

செய்ய வேண்டியது இது. நேற்று, நாளை, முந்தாநாள், நாளை மறுநாள் என்று தமிழாக்கத்தில் எங்கே வந்தாலும் மூலத்துக்குப் போய் அருகில் இருக்கும் வினையைப் பாருங்கள். "கா, கே, கீ" என்று முடிந்தால் வருங்காலம். தியா, கியா, பேஜா, போலா என்று வந்தால் நடந்தது. வினையே இல்லையென்றால் செய்தியில் விடை கிடையாது, உங்கள் நோட்டில்தான் இருக்கிறது. அதிலும் இல்லையென்றால் தேதி போட்டுக் கேளுங்கள். பதிலில் நாளை, நேற்று என்று எழுதவே வேண்டாம். "ஜூன் 27 அன்று சொன்ன விலை" என்று எழுதினால் எந்தச் செயலியும் அதைப் புரட்டிப் போட முடியாது.

இன்னொரு குறுக்குச் சோதனையும் உண்டு. மூலத்தைத் தமிழாக்குவதோடு ஆங்கிலத்துக்கும் ஒரு தடவை மாற்றிப் பாருங்கள். இந்தியிலிருந்து தமிழுக்கு வரும்போது நடுவில் ஆங்கிலத்தைத் தொட்டுவரும் செயலிகள் உண்டு. அப்படி வந்திருந்தால் பிழை எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்று தெரியும். ஆங்கிலமும் தமிழும் முரண்பட்டால் அந்த வரியை நிறுத்திவையுங்கள். இரண்டும் ஒத்துப்போவதால் சரி என்று மட்டும் ஆகிவிடாது.

அறிகுறி: பதிலில் மாதத்தின் பெயரோ பண்டிகையின் பெயரோ தேதியில்லாமல் நிற்கிறது

"சாவன் ஸே பஹ்லே" என்பதைச் செயலி "ஆவணிக்கு முன்" என்று ஆக்கியது. அகராதிப்படி இதில் குறை சொல்ல முடியாது. சிராவணம், சாவன், ஆவணி எல்லாம் ஒரே வேர்தான். ஆனால் நாட்காட்டி வேறு. 2025-ல் வடக்கே சாவன் ஜூலை 11 அன்று தொடங்கி ஆகஸ்ட் 9 அன்று முடிந்தது. நம் ஆவணி பிறந்தது ஆகஸ்ட் 17. "ஆவணி பிறப்பதற்குள் வந்து சேரும்" என்று நாம் உறுதி கொடுத்தால், சாவன் விரதமெல்லாம் முடிந்து ஒரு வாரம் ஆனபிறகு சரக்கு போனாலும் நம் வார்த்தை தப்பவில்லை. அவருக்கோ அந்த மாதம் கடையில் ஜவ்வரிசி இருந்தாக வேண்டும். சாவன் சோமவாரத்துக்குத்தான் அங்கே வீட்டுக்கு வீடு ஜவ்வரிசிக் கிச்சடி கிண்டுகிறார்கள்.

இதில் இன்னொரு மடிப்பும் உண்டு. இந்தூர்க்காரருக்கு மாதம் பௌர்ணமியோடு முடிகிறது, மகாராஷ்டிரத்தாருக்கு அமாவாசையோடு. அதனால் அதே 2025-ல் மகாராஷ்டிரத்தில் சிராவணம் ஜூலை 25 அன்றுதான் தொடங்கியது. ஒரே மாதப் பெயரை இந்தூர்க்காரர் சொன்னால் ஒரு தேதி, நாக்பூர்க்காரர் சொன்னால் இரண்டு வாரம் தள்ளி. யார் சொல்கிறார் என்று பார்த்துத்தான் நாளைக் கணக்கிட வேண்டும்.

இந்தூருக்கு லாரி போய்ச் சேர எங்கள் அனுபவத்தில் ஐந்தாறு நாள் ஆகும். ஜூலை 11-க்கு முன் அவர் சரக்கை இறக்கிச் சில்லறைக் கடைகளுக்குப் பிரித்துக் கொடுக்கவும் அவகாசம் வேண்டும். ஜூலை 3-க்குள் ஏற்றினால்தான் கணக்கு சரிப்படும். தம்பியின் வரைவை வைத்து வேலை செய்திருந்தால் ஆகஸ்டில் நிதானமாக ஏற்றியிருப்போம்.

அறிகுறி: வரைவில் வேலை இருக்கிறது, அதைச் செய்பவர் இல்லை

"வாடகையைப் பேசி முடிவு செய்துகொள்ளலாம்." யார் கொடுப்பது? வரைவில் இல்லை. ஆனால் மூலத்தில் இருக்கிறது: "பாடா ஹம் தேக் லேங்கே."

தேக் என்றால் பார், லேங்கே என்றால் கொள்வோம். சேர்த்துச் சொன்னால் "வாடகையை நாங்க பாத்துக்கறோம்." தமிழில் நாம் தினமும் சொல்லும் அதே கட்டு. செலவு என்னுடையது, நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்று அவர் பொறுப்பேற்கிறார். தமிழும் இந்தியும் இந்த இடத்தில் தோளோடு தோள் நிற்கின்றன, இருந்தும் நடுவில் "கொள்" உதிர்ந்துபோய்ப் "பார்ப்போம்" மட்டும் வந்து சேர்ந்தது. பார்த்துக்கொள்கிறோம் என்பதற்கும் பார்ப்போம் என்பதற்கும் இடையே ஒரு லாரி வாடகை இருக்கிறது.

எப்போதும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. "பாத் மேம் தேக் லேங்கே" என்று வந்தால் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறார். அதனால் பார்ப்போம், கவனிப்போம் என்ற சொற்கள் தமிழாக்கத்தில் வந்தால் மூலத்தில் பக்கத்துச் சொற்களைத் தேடுங்கள். "ஹம்" என்று தன்னை முன்வைத்துச் சொல்லியிருந்தால் பெரும்பாலும் பொறுப்பேற்கிறார். "பாத் மேம்" இருந்தால் ஒத்திப்போடுகிறார். இரண்டும் இல்லையென்றால் கேட்டுவிடுவதே நல்லது.

"ஹம்" என்ற சொல்லுக்கும் ஒரு சுழி உண்டு. அது நாம், நாங்கள் இரண்டுக்கும் பொதுவானது. பேசுபவர் தன்னை மட்டும் குறிக்கவும் ஹம் என்பது உண்டு. தமிழில் நாமும் நாங்களும் வேறு வேறு, அந்த வேறுபாட்டில்தான் பணம் யார் கையிலிருந்து போகிறது என்பது இருக்கிறது. நாம் பதிலில் எவ்வளவு கவனமாக "நாங்கள்" என்று எழுதினாலும் இந்தியில் அது திரும்பவும் ஹம் ஆகிவிடும். ஆகவே செலவு பற்றிய வரியில் நாம், நாங்கள் எதுவும் வேண்டாம். "லாரி வாடகையை நீங்கள் கொடுக்கிறீர்கள்" என்று எதிராளியை எழுவாயாக வைத்து எழுதுங்கள். தமிழில் படிக்கக் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். அடுத்த வரியில் ஒரு நன்றி சேர்த்தால் அது தணியும்.

அறிகுறி: கேள்விக்குப் பதில் இருக்கிறது, ஆனால் அப்படியொரு கேள்வியை யாரும் கேட்கமாட்டார்கள்

"விரத நாட்களிலும் எங்களுக்கு வேலை உண்டு" என்பது தம்பியின் பதில். விரதத்தன்று நம் மண்டி திறந்திருக்கிறதா என்று இந்தூர்க்காரர் ஏன் கேட்க வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தாலே வரி தவறு என்று தெரிந்துவிடும். மூலத்தை மூடிவைத்து, "இந்தப் பதில் வர என்ன கேட்டிருக்க வேண்டும்" என்று பின்னோக்கிப் போங்கள். அந்தக் கேள்வியை அவர் கேட்க ஒரு காரணம் கிடைக்கவில்லையென்றால் மூலத்துக்குத் திரும்புங்கள்.

"வ்ரத் மேம் சலேகா நா?" சல் என்றால் நட, ஓடு. ஆனால் "சலேகா நா" என்பது நம் பேச்சில் "ஆகும்ல?" என்பதுதான். விரதத்துக்கு ஆகும்ல? ஆமாம் என்ற பதிலை எதிர்பார்த்து, உள்ளூரக் கொஞ்சம் பயத்தோடு கேட்கும் கேள்வி. அந்தப் பயம் எதற்கு என்று புரிய ஜவ்வரிசி எதில் செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். அது மரவள்ளிக்கிழங்கின் ஸ்டார்ச். வடக்கே விரத நாளில் தானியம் சாப்பிடக் கூடாது, கிழங்கு சாப்பிடலாம். அதனால்தான் ஜவ்வரிசிக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. அதில் மக்காச்சோள ஸ்டார்ச் கலந்திருந்தால் தானியம் கலந்ததாகிவிடும், சாப்பிட்டவரின் விரதம் கெட்டுவிடும். கலப்படம் பற்றிய புகார்கள் எங்கள் தொழிலில் புதிதல்ல. அவர் கேட்டது இதுதான்: கலப்பில்லாத சரக்குதானே?

இங்கே பதில் எழுதுபவர் மொழியைத் தாண்டி ஒரு படி போக வேண்டியிருக்கிறது. "ஆமாம், ஆகும்" என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அது ஒரு மனிதரின் நோன்புக்கு நாம் கொடுக்கும் வாக்கு. ஆலையிலிருந்து சோதனைச் சான்று கையில் இருந்தால் மட்டும் எழுதுங்கள். நுண்ணோக்கியில் மக்காச்சோள ஸ்டார்ச் துகள் கோணல் கோணலாகத் தெரியும், மரவள்ளித் துகள் உருண்டையாக, ஒரு பக்கம் வெட்டினாற்போல் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் இதைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். சான்று இல்லையென்றால் "ஆலையில் கேட்டுச் சொல்கிறோம்" என்பதே நேர்மையான பதில்.

வரைவைத் திருத்தியபோதும் ஒரு குழியில் விழப் பார்த்தோம். தம்பி "மரவள்ளி மாவு மட்டுமே" என்று எழுதினார். தமிழில் மாவு என்றால் அரைத்த மாவும் உண்டு, கரைத்து ஊற்றும் மாவும் உண்டு, வடித்தெடுத்த ஸ்டார்ச்சும் உண்டு. செயலி அதை "ஆட்டா" என்று இந்தியாக்கியது. ஆட்டா என்றதும் இந்திக்காரர் மனதில் வருவது கோதுமை மாவு. தானியம் இல்லை என்று சொல்ல வந்த வரியிலேயே தானியத்தின் பெயர் போய் உட்கார்ந்துகொண்டது. "மரவள்ளிக்கிழங்கு ஸ்டார்ச்" என்று மாற்றியதும் சரியானது. திருப்பி மொழிபெயர்க்கும் சோதனை உண்மையில் பயன்படுவது இந்த மாதிரி இடத்தில்தான். தமிழாக வந்ததைப் படிக்காதீர்கள், நடுவில் இந்தியில் என்ன சொல் விழுந்தது என்று பாருங்கள்.

அறிகுறி: மூலத்தில் ஐந்து வரி, வரைவில் நான்குக்குத்தான் பதில்

எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும். விட்டுப்போன வரி பெரும்பாலும் குறை சொல்லும் வரியாக இருக்கும். "கடந்த முறை போல் இருக்கக் கூடாது" என்ற தமிழ் ஒரு கட்டளை போல ஒலித்ததால் அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் தம்பி தாண்டிவிட்டார். மூலத்தில் அது கட்டளை இல்லை. "பிச்லீ பார் ஜைஸா ந ஹோ" என்றால் "போன தடவை மாதிரி ஆயிடாம" என்று ஒரு வேண்டுதல். போன தடவை என்ன ஆனது என்று பழைய கணக்கைப் புரட்டினோம். 12 மூட்டையில் தூள் அதிகம் என்று எழுதியிருந்தார், நாங்கள் பதில் போடவே இல்லை. குறையைப் பெயர் சொல்லி எழுதினால்தான் அவர் சொன்னது நம் காதில் விழுந்தது என்று அவருக்குத் தெரியும். "இனி நன்றாக இருக்கும்" என்பது போதாது.

அறிகுறி: தமிழாக்கமே துண்டு துண்டாக, பாதி சொல் மாறாமல் வருகிறது

ஆங்கில எழுத்தில் தட்டிய இந்தியாக இருக்கும். செயலிகள் இதில் தடுமாறுகின்றன. அதை வைத்துப் பதில் எழுத முயலாதீர்கள். விசைப்பலகையில் இந்தி எழுத்தைத் தேர்ந்தெடுத்து அதே வரியைத் தட்டிவிட்டுப் பிறகு மொழிபெயர்த்துப் பாருங்கள். எண்கள் சொல்லாக இருந்தால் மட்டும் தனியாகச் சரிபாருங்கள்: டேட் சௌ என்றால் 150, டாயீ சௌ என்றால் 250.

அனுப்புவதற்கு முன் கடைசிச் சோதனை

எல்லாம் திருத்திய பிறகு எழுதிய பதில் இது:

வணக்கம். ஜூன் 27 அன்று நாங்கள் சொன்ன விலையை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறோம். அதே விலையில் 150 மூட்டை அனுப்புகிறோம். ஒரு மூட்டை 90 கிலோ. சரக்கு ஜூலை 3 அன்று சேலத்தில் ஏறும். சாவன் தொடங்கும் ஜூலை 11-க்கு முன் இந்தூர் வந்து சேரும். லாரி வாடகையை நீங்கள் கொடுக்கிறீர்கள். அதற்கு நன்றி. இந்த ஜவ்வரிசியில் மரவள்ளிக்கிழங்கு ஸ்டார்ச் மட்டும் இருக்கிறது. மக்காச்சோளம் கலக்கவில்லை. சோதனைச் சான்றை இத்துடன் அனுப்புகிறோம். சென்ற முறை 12 மூட்டையில் தூள் அதிகம் இருந்தது. இந்த முறை சலித்த பிறகே ஏற்றுகிறோம். இதில் ஏதாவது தவறாக இருந்தால் சொல்லுங்கள்.

தமிழ்க் காதுக்கு இது வெட்டி வெட்டிக் கேட்கும். ஒவ்வொரு வரியிலும் செய்பவர் யார் என்று இருக்கிறது, தேதி எண்ணில் இருக்கிறது, ஒரு வரியில் ஒரு செய்திதான் இருக்கிறது. மொழிபெயர்ப்பைக் கடந்து போக வேண்டிய பதிலுக்கு இந்த நடைதான் தாங்கும்.

இதை இந்தியாக்கிய பிறகு, பக்கத்து வெள்ளிக்கடையில் கணக்கு எழுதும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவருக்கு வீட்டில் இந்திதான் பேச்சு. தமிழ் வரைவை அவரிடம் காட்டவில்லை. காட்டினால் அதைப் பார்த்துக்கொண்டே "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவார், அது மனித இயல்பு. இந்தியை மட்டும் கொடுத்து, "அண்ணா, இதைப் படிச்சிட்டு மூணே விஷயம் சொல்லுங்க. யார் பணம் கொடுக்கறாங்க, எப்ப சரக்கு வருது, இவங்க எதுக்கு வாக்குக் கொடுக்கறாங்க" என்று கேட்டேன்.

படித்துவிட்டுச் சொன்னார்: "வண்டி வாடகை அந்தப் பக்கம். பதினொண்ணாம் தேதிக்கு முன்னாடி. சோளம் கலக்கலைன்னு வாக்குக் கொடுக்கறீங்க. ஆனா ஒண்ணு, அவர் போரின்னுதானே கேட்டிருக்கார்? எத்தனை கிலோ போரின்னு சொன்னாரா?"

சொல்லவில்லை. எங்கள் சந்தையில் மூட்டை என்றால் 90 கிலோ என்று பழகிப்போய் எழுதிவிட்டேன். எண்ணை எழுதியிருப்பதால் தவறு என்றால் அவரே சொல்வார் என்று அப்படியே அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. விலை, தேதி, வாடகை எல்லாம் சரி என்றார். சான்றுக்கு நன்றி சொல்லியிருந்தார். கடைசியில் ஒரு வரி: "போரி பச்சாஸ் கிலோ வாலீ." 50 கிலோ மூட்டை. 150 மூட்டைக்கு 13.5 டன் என்று லாரி பேசி வைத்திருந்தோம், அவர் கேட்டது 7.5 டன். தம்பி உடனே லாரி புக்கிங் ஆபீஸுக்கு போன் போட்டுச் சின்ன வண்டிக்கு மாற்றச் சொன்னார்.